அட்டவணையிலிருந்து ஏரி வரை: சுற்றுச்சூழல் புராஜெக்ட் வைவாவில் எழும் கேள்விகள்

ஏரி நீரின் தரம் பற்றிய புராஜெக்ட் அறிக்கையைப் புரட்டும் வெளித்தேர்வாளர் கேட்கக்கூடிய மிகச் சிறிய கேள்வி இதுதான்: “இந்த சாம்பிளை எத்தனை மணிக்கு எடுத்தீங்க?” பதில் களக் குறிப்பேட்டில் இருந்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். இல்லாவிட்டால், அறிக்கையின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கும் கரைந்த ஆக்சிஜன் பற்றிய ஒரு முழு அட்டவணையே ஆட்டம் கண்டுவிடும்.

முதுகலை இறுதிப் பருவத்தில் அறிக்கை பைண்டிங் ஆகித் துறைக்குப் போனபின், வைவாவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில வாரங்கள்தான். அந்த நாள்களில் மாணவர்கள் விரும்பிப் படிப்பது முன்னுரையையும் இலக்கிய மீளாய்வையும். தேர்வாளர் நேராகத் திறப்பதோ செய்முறை அத்தியாயத்தையும் முடிவு அட்டவணைகளையும். அவருக்கு வேண்டியது வரையறைகள் அல்ல. அட்டவணையில் உள்ள ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு, அது எந்தக் கணக்கில் வந்தது, எந்த பாட்டிலில் இருந்தது, ஏரியின் எந்தக் கரையில் எடுத்தது என்று மாணவரால் பின்னோக்கி நடக்க முடிகிறதா என்று பார்க்கிறார். தயாரிப்பு என்பதும் அந்த நடையை அவருக்கு முன்பே ஒருமுறை நடந்து பார்ப்பதுதான்.

அதற்கு ஒரு கற்பனை அறிக்கையை வைத்துக்கொள்ளலாம். நகரத்தை ஒட்டிய ஓர் ஏரி. வரத்துக்கால் நுழையும் இடம், மதகு, கலங்கல், கரையோரம் இரண்டு, நடு ஏரி என ஆறு இடங்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தலா ஒருமுறை நீர் எடுக்கப்பட்டது. ஆக மொத்தம் 18 சாம்பிள்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இந்த அமைப்பிலான புராஜெக்ட்டுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் எழும் கேள்விகளும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் எழுகின்றன.

நேரம் ஏன் முக்கியம்

கழிவுநீர் கலக்கும் ஏரியில் பாசி செழிக்கும். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்து அதை உறிஞ்சிவிடுகின்றன. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் காற்றோடு சமநிலையில் இருந்தால் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும். அட்டவணையில் நடு ஏரிக்கு 11 என்று இருந்தால், அது ஏரி சுத்தமாக இருப்பதற்கு அடையாளம் அல்ல. பாசி மிகுந்திருக்கிறது, நேரம் பிற்பகல் என்பதற்கே அடையாளம். அதே இடத்தில் விடியற்காலையில் அளந்தால் 3 வரலாம்.

இப்போது கற்பனை அறிக்கையைப் பார்ப்போம். காலை ஏழு மணிக்கு வரத்துக்காலில் தொடங்கி, கரையைச் சுற்றி வந்து, பரிசல் கிடைத்தபின் பன்னிரண்டு மணிக்கு நடு ஏரியில் முடித்திருக்கிறார்கள். மூன்று மாதமும் இதே வரிசை. “நடு ஏரியில் ஆக்சிஜன் அதிகம், வரத்துக்காலில் குறைவு” என்று அறிக்கை சொல்கிறது. இந்த வேறுபாடு இடத்தால் வந்ததா, ஐந்து மணி நேர வெயிலால் வந்ததா என்பதைத் தரவை வைத்துப் பிரிக்க முடியாது. ஒரு மாதமாவது வரிசையைத் தலைகீழாக மாற்றியிருந்தால் பிரித்திருக்கலாம்.

அறிக்கை கையை விட்டுப் போனபின் இதைச் சரிசெய்ய வழியில்லை. ஆனால் நேரங்களைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதி, அவற்றின் எதிரில் ஆக்சிஜன் அளவை வைத்துப் பார்க்கலாம். நேரம் ஏற ஏற ஆக்சிஜனும் ஏறியிருந்தால், இடங்களுக்கிடையே உள்ள வேறுபாடு என்ற முடிவை மாணவரே தளர்த்திச் சொல்லிவிடலாம். தேர்வாளர் கண்டுபிடித்தபின் ஒப்புக்கொள்வதற்கும் இதற்கும் மதிப்பெண்ணில் வித்தியாசம் உண்டு.

இதே வரிசையில் வரும் மற்றொரு கேள்வி, எவ்வளவு ஆழத்தில் எடுத்தீர்கள் என்பது. மேற்பரப்பு நீரை அப்படியே பக்கெட்டில் மொண்டு பாட்டிலில் ஊற்றினால் காற்று கலந்து ஆக்சிஜன் அளவு மாறிவிடும். ஆக்சிஜன் பாட்டிலைக் குமிழி இல்லாமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடு அசைடு கரைசலையும் கரையிலேயே சேர்த்து “பிக்ஸ்” செய்தோம் என்று சொல்ல முடிகிற மாணவரிடம் தேர்வாளர் இதற்குமேல் தோண்டுவதில்லை.

பி.ஓ.டி. பாட்டில் சொல்லும் கதை

நீர் அறிக்கைகளில் அதிகம் அடிபடும் எண் பி.ஓ.டி., அதாவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. நீரில் உள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகின்றன என்பதன் அளவு அது. செய்முறை எளிது. நீர்த்த சாம்பிளை 300 மில்லி பாட்டிலில் அடைத்து, தொடக்க ஆக்சிஜனை அளந்து, இருட்டில் வைத்து, சில நாள் கழித்து மீதி ஆக்சிஜனை அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை சாம்பிளின் பங்கால் வகுத்தால் விடை.

முதல் சிக்கல் நாள் கணக்கிலேயே இருக்கிறது. பழைய பாடநூல்களில் 20 டிகிரியில் ஐந்து நாள். இந்திய வெப்பநிலையைக் கருதி, 1993-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 3025 பகுதி 44 வகுத்த முறை 27 டிகிரியில் மூன்று நாள். ஆய்வகத்தில் இன்குபேட்டர் 27-இல் ஓடியிருக்கும், மூன்றாம் நாள் டைட்ரேஷன் நடந்திருக்கும். அறிக்கையிலோ இன்னொரு ஆய்வேட்டைப் பார்த்து “ஐந்து நாள் பி.ஓ.டி.” என்று தட்டச்சு ஆகியிருக்கும். செய்முறை அத்தியாயத்தை ஆய்வகக் குறிப்பேட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டால் இப்படிப்பட்ட முரண்கள் ஒரு மாலைக்குள் வெளிவந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் ஆழமானது. சோதனை செல்லுபடியாக இரண்டு நிபந்தனைகள் உண்டு. முடிவில் பாட்டிலில் லிட்டருக்குக் குறைந்தது 1 மில்லிகிராம் ஆக்சிஜன் மீதி இருக்க வேண்டும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே குறைந்தது 2 மில்லிகிராம் குறைந்திருக்க வேண்டும்.

வரத்துக்கால் சாம்பிளில் 30 மில்லியை 300 மில்லி பாட்டிலில் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். சாம்பிளின் பங்கு 0.1. தொடக்க ஆக்சிஜன் 7.4, முடிவில் 0.2. வேறுபாடு 7.2, பங்கால் வகுத்தால் 72. அட்டவணையில் 72 என்று அழகாக ஏறிவிட்டது. ஆனால் மீதி 0.2 மட்டுமே என்பதால், நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் நடுவழியிலேயே தீர்ந்திருக்கலாம். உண்மை அளவு 90-ஆகவும் இருக்கலாம், 150-ஆகவும் இருக்கலாம். இந்த பாட்டில் சொல்வது “72-க்குக் குறையாது” என்பதை மட்டும்தான்.

நடு ஏரியில் எதிர்மாறான நிலை. 60 மில்லி எடுத்து, பங்கு 0.2. ஆக்சிஜன் 7.6-இலிருந்து 6.0-க்கு இறங்கியது. வேறுபாடு 1.6, விடை 8. இங்கே குறைவு 2 மில்லிகிராமைத் தொடவில்லை. டைட்ரேஷனில் ஒரு சொட்டு கூடக் குறைய ஆனாலும் விடை கணிசமாக நகரும். ஒவ்வொரு சாம்பிளுக்கும் இரண்டு மூன்று நீர்ப்பு அளவுகளில் பாட்டில் வைத்திருந்தால் அவற்றுள் நிபந்தனைக்குப் பொருந்தியதை எடுத்திருக்கலாம். ஒரே நீர்ப்பில் எல்லாவற்றையும் முடித்தவர், 18 எண்களில் எத்தனை இந்த இரண்டு நிபந்தனைகளையும் நிறைவேற்றுகின்றன என்று வைவாவுக்கு முன்பே எண்ணிவைத்திருப்பது நல்லது.

இதோடு ஒட்டி வருவது, சாம்பிள் ஆய்வகத்துக்கு எப்போது வந்தது என்ற கேள்வி. சாம்பிள் எடுத்த ஆறு மணி நேரத்துக்குள் பி.ஓ.டி.யைத் தொடங்குவது நல்லது. முடியாவிட்டால் 4 டிகிரியில் குளிரவைத்து ஒரு நாளுக்குள் தொடங்க வேண்டும். சனிக்கிழமை எடுத்து, திங்கள்கிழமை ஆய்வகம் திறந்தபின் வைத்த பாட்டிலில் கழிவின் ஒரு பகுதி வழியிலேயே சிதைந்திருக்கும். அட்டவணை எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கும்.

எண்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும்

அனுபவமுள்ள தேர்வாளர் எந்தக் கேள்வியும் கேட்காமலே ஒரு அட்டவணையைச் சோதிக்க முடியும். நீரில் நேர்மின் அயனிகளின் மொத்தமும் எதிர்மின் அயனிகளின் மொத்தமும் சமமாக இருந்தாக வேண்டும். கால்சியம், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியம் ஒரு பக்கம். பைகார்பனேட், குளோரைடு, சல்பேட், நைட்ரேட் மறுபக்கம். ஒவ்வொன்றின் மில்லிகிராமையும் அதன் சமான எடையால் வகுத்து மில்லிசமானமாக மாற்றிக் கூட்டினால் போதும். கால்சியத்துக்கு 20, சோடியத்துக்கு 23, குளோரைடுக்கு 35.5 என்று வகுக்க வேண்டும். இரு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு, இரண்டின் கூட்டுத்தொகையில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள்.

மதகுக்கு அருகில் எடுத்த சாம்பிளில் நேர்மின் பக்கம் 10.2, எதிர்மின் பக்கம் 12.2 வருகிறது என்போம். வேறுபாடு 2.0, கூட்டுத்தொகை 22.4, பிழை சுமார் 9 சதவீதம். குறிப்பேட்டைத் திறந்தால் குளோரைடு 142 என்று இருக்கிறது. எக்செல் தாளில் 214 என்று ஏறியிருக்கிறது. 142-ஐ 35.5-ஆல் வகுத்தால் 4, 214-ஐ வகுத்தால் 6. கூடுதலாக வந்த அந்த இரண்டு அலகும் அங்கேதான் இருந்தது. 18 சாம்பிள்களுக்கும் இந்தக் கணக்கைப் போட எக்செலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

கேள்வியாகவே வரக்கூடிய இன்னொன்று டி.டி.எஸ். பற்றியது. பல அறிக்கைகளின் புள்ளியியல் பகுதியில், மின்கடத்துத்திறனுக்கும் டி.டி.எஸ்.ஸுக்கும் 0.99 ஒட்டுறவு கிடைத்தது என்பது ஒரு கண்டுபிடிப்பாக எழுதப்பட்டிருக்கும். “டி.டி.எஸ். எப்படி அளந்தீங்க?” என்று தேர்வாளர் கேட்பார். கையடக்க மீட்டரில் அளந்தோம் என்பது பதிலானால், கதை அங்கேயே முடிந்தது. அந்த மீட்டர் அளப்பது மின்கடத்துத்திறனை மட்டுமே. அதை ஒரு மாறிலியால், பெரும்பாலும் 0.5 முதல் 0.7 வரையிலான ஒரு எண்ணால், பெருக்கி டி.டி.எஸ். என்று திரையில் காட்டுகிறது. ஒரு எண்ணை அதன் பாதியோடு ஒப்பிட்டால் ஒட்டுறவு ஒன்றுக்கு அருகில் வராமல் வேறு எப்படி வரும்? வடிகட்டிய நீரைக் கிண்ணத்தில் ஆவியாக்கி, அடுப்பில் உலர்த்தி, மீதியை எடைபோட்டிருந்தால் மட்டுமே அந்த ஒட்டுறவுக்குப் பொருள் உண்டு.

மூன்றாவது, அலகு. நைட்ரேட்டை இரண்டு விதமாக எழுதுவது வழக்கம். சில ஆய்வகங்கள் நைட்ரேட்டாகவே தருகின்றன, சில அதிலுள்ள நைட்ரஜனாகத் தருகின்றன. இந்தியக் குடிநீர் தரநிலை ஐ.எஸ். 10500 சொல்லும் 45 மில்லிகிராம் என்பது நைட்ரேட்டாகக் கணக்கிட்டது. தனியார் ஆய்வகத்தின் தாளில் 11 என்று இருக்கிறது, அருகே சிறிய எழுத்தில் நைட்ரஜனாக என்று குறிப்பு. அறிக்கையோ “11, எல்லையான 45-க்கு மிகக் கீழே” என்கிறது. 11-ஐ 4.43-ஆல் பெருக்கினால் 49. எல்லைக்குள் இருந்த சாம்பிள் எல்லைக்கு வெளியே போய்விட்டது. வெளி ஆய்வகத்தில் செய்த சோதனைகளுக்கு எந்த முறை, எந்த அலகு, கருவியால் கண்டறியக்கூடிய குறைந்த அளவு எவ்வளவு என்ற மூன்றையும் ஆய்வகத்திடம் கேட்டு வைத்துக்கொள்ளாதவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கண்டறியும் அளவுக்குக் கீழே என்று வந்ததைப் பூச்சியம் என்று எழுதிச் சராசரி எடுத்திருந்தால், அதையும் முன்பே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

எதனோடு ஒப்பிடுவது

ஐ.எஸ். 10500 குடிநீருக்கான தரநிலை. ஏரி நீரை யாரும் குழாய் நீர்போல நேராகக் குடிப்பதில்லை. ஆனாலும் பெரும்பாலான அறிக்கைகள் ஏரியை அதனோடுதான் ஒப்பிடுகின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளைப் பயன்பாட்டின்படி ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. இரண்டாம் வகுப்பு, குளிப்பதற்கு உகந்த நீர். அதற்கு ஆக்சிஜன் குறைந்தது 5 மில்லிகிராமும் பி.ஓ.டி. 3-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். நான்காம் வகுப்பு, மீன்களுக்கும் வன உயிர்களுக்கும். அதற்கு ஆக்சிஜன் 4 போதும், ஆனால் தனி அம்மோனியா 1.2-ஐத் தாண்டக் கூடாது. ஐந்தாம் வகுப்பு பாசனத்துக்கு. அந்த ஏரியில் மக்கள் என்ன செய்கிறார்கள், குளிக்கிறார்களா, மீன் பிடிக்கிறார்களா, மதகு திறந்து வயலுக்கு விடுகிறார்களா என்பதைப் பொறுத்தே எந்த வகுப்போடு ஒப்பிடுவது என்பது அமையும். இதை ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தாலே ஒரு கேள்வி குறைகிறது.

அடுத்தது நீர்த்தரக் குறியீடு. பல அளவுகளை ஒரே எண்ணாகச் சுருக்கும் இந்த யோசனையை 1965-இல் ஹார்ட்டன் முன்வைத்தார். 1970-இல் பிரவுனும் சக ஆய்வாளர்களும் அதை விரிவாக்கினார்கள். நம் கல்லூரிகளில் புழங்கும் எடையிட்ட சராசரி முறையில், ஒவ்வொரு அளவின் எடையும் அதன் அனுமதி எல்லைக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைகிறது. எல்லை சிறியதாக இருந்தால் எடை பெரிதாகும்.

கற்பனை அறிக்கை ஆறு அளவுகளை எடுத்துக்கொண்டது: பி.எச். 8.5, டி.டி.எஸ். 500, கடினத்தன்மை 200, குளோரைடு 250, நைட்ரேட் 45, புளோரைடு 1. தலைகீழாக்கிக் கூட்டினால் 1.15 வருகிறது. அதில் புளோரைடின் பங்கு மட்டும் 1. அதாவது மொத்த எடையில் சுமார் 87 சதவீதம். பி.எச். ஏறத்தாழ 10 சதவீதம். மிச்சமுள்ள நான்கும் சேர்ந்து 3 சதவீதம்கூட இல்லை. டி.டி.எஸ். இரட்டிப்பானாலும் குறியீடு அசையாது. ஏரியின் தரம் “மிக மோசம்” என்றோ “நன்று” என்றோ அறிக்கை சொல்லும்போது, அது உண்மையில் புளோரைடைப் பற்றி மட்டுமே பேசுகிறது. தேர்வாளர் இதைக் கேட்பார் என்று எதிர்பார்த்து, எடைகளின் பட்டியலைத் தனியே எழுதிவைத்திருப்பவர், குறியீட்டின் இந்த வரம்பைத் தானே எடுத்துக்காட்டிவிட்டு, தனித்தனி அளவுகளின் பக்கம் பேச்சைத் திருப்பலாம்.

பதினெட்டு என்பது எத்தனை

புள்ளியியல் கேள்விகளில் அடிப்படையானது, சாம்பிள் எண்ணிக்கை உண்மையில் எவ்வளவு என்பது. ஆறு இடம், மூன்று மாதம், 18 சாம்பிள். ஆனால் ஒரே ஏரியின் ஒரே இடத்திலிருந்து மாதாமாதம் எடுத்தவை ஒன்றுக்கொன்று சுயேச்சையானவை அல்ல. ஒரே பாட்டில் நீரை மூன்று முறை டைட்ரேட் செய்து, அதை மூன்று சாம்பிளாக எண்ணியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். மூன்று டைட்ரேஷன் காட்டுவது கையின் நிதானத்தை. ஏரியின் வேறுபாட்டை அது காட்டாது. 1984-இல் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் போலிப் பிரதிகள் என்று இதைத்தான் கடுமையாக விமர்சித்தார். அவருடைய கட்டுரை வந்தபின் பல பழைய களச் சோதனைகளைத் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று.

பத்து அளவுகளை ஒன்றோடொன்று ஒட்டுறவு பார்த்தால் 45 ஜோடிகள் வரும். ஐந்து சதவீத நிலையில் சோதித்தால், எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் சராசரியாக இரண்டு ஜோடிகள் தற்செயலாக முக்கியமானவையாகத் தெரியும். அறிக்கையில் நட்சத்திரக் குறியிட்ட ஜோடிகள் மூன்றோ நான்கோ மட்டும் இருந்தால் அவற்றை வைத்துப் பெரிய முடிவு கட்டாமல் இருப்பது நல்லது.

விலகிய எண்களை நீக்கியது பற்றிய கேள்வி இன்னும் கூர்மையானது. இதற்கு உலகம் முழுவதும் தெரிந்த ஒரு எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிளிண்ட் நகரம் 2014-இல் ஆற்று நீருக்கு மாறியபின், வீட்டுக் குழாய் நீரில் ஈயம் கலந்தது. 2015-இன் முதல் பாதியில் நகரம் 71 வீடுகளிலிருந்து சாம்பிள் எடுத்தது. அன்றைய விதிப்படி, எண்களை வரிசைப்படுத்தினால் 90-ஆவது விழுக்காட்டு இடத்தில் உள்ள அளவு 15 பி.பி.பி.யைத் தாண்டக் கூடாது. மாநில அதிகாரிகள் சொன்னதன்பேரில் இரண்டு சாம்பிள்கள் நீக்கப்பட்டன. 69 ஆனதும் அந்த அளவு எல்லைக்குக் கீழே வந்துவிட்டது. நீக்கப்பட்டவற்றுள் ஒன்றில் ஈயம் 104 பி.பி.பி. அதை நீக்கச் சொன்ன காரணம், அந்த வீட்டில் வடிகட்டி பொருத்தியிருந்தார்கள் என்பது. வடிகட்டி ஈயத்தைக் குறைக்குமே தவிர கூட்டாது. விதிப்புத்தகத்தில் ஒரு காரணம் எழுதப்பட்டிருந்தும், அந்த நீக்கம் முடிவையே மாற்றியது என்பதுதான் பின்னர் விசாரணைகளில் எழுந்த கேள்வி.

கல்லூரி வைவாவில் ஈயமோ விசாரணையோ இருக்காது. ஆனால் கேள்வி அதேதான்: நீக்கிய சாம்பிளைச் சேர்த்தால் முடிவு மாறுகிறதா? அறிக்கையில் நீக்கிய எண்கள் எத்தனை, ஏன், அவற்றைச் சேர்த்தால் சராசரி எவ்வளவு என்ற மூன்றையும் ஒரு தாளில் வைத்திருக்கும் மாணவருக்கு இது சுலபமான கேள்வி.

முடிவுரைக்குள் ஒளிந்திருப்பவை

கற்பனை அறிக்கையின் கடைசி அத்தியாயத்தில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. ஒன்று, “பருவகால மாறுபாடு காணப்பட்டது.” இரண்டாவது, “ஜனவரியிலிருந்து மார்ச் வரை மாசு அதிகரித்துள்ளது.” முதலாவது நிற்காது. ஏரி நிரம்பும் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களில் ஒரு சாம்பிள்கூட இல்லை. மழைக்குப் பிந்தைய மூன்று மாத மாற்றம் என்று மட்டுமே சொல்லலாம்.

இரண்டாவது வாக்கியத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஏரியில் நீர் வற்ற வற்ற, கரைந்த எல்லாமே அடர்ந்துபோகும். குளோரைடு வேதிவினைகளில் எளிதில் சிக்காது, செடிகள் அதிகம் எடுப்பதுமில்லை. அதனால் ஆவியாதலைக் கணக்கிட அது ஒரு நல்ல அளவுகோல். நடு ஏரியில் குளோரைடு 142-இலிருந்து 190-க்கு ஏறினால் அது 1.34 மடங்கு. டி.டி.எஸ்.ஸும் அதே 1.34 மடங்கு ஏறியிருந்தால், நீர் வற்றியதே போதிய விளக்கம். புதிதாக மாசு வந்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்பேட் மட்டும் இரண்டரை மடங்கு ஏறியிருந்தால், வற்றியதற்கு மேலாக ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது: வரத்துக்கால் வழியாக வந்த கழிவோ, அடிச்சேற்றிலிருந்து வெளியானதோ. கழிவுதான் என்று அடித்துச் சொல்ல வரத்துக்காலின் நீரோட்ட அளவு வேண்டும். அதை யாரும் அளக்கவில்லை என்றால் அங்கே நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

சமர்ப்பித்தபின் கண்ணில் பட்ட பிழைகளை என்ன செய்வது என்பது பலருக்கு உள்ள தயக்கம். 214 என்று ஏறிய குளோரைடு, ஐந்து நாள் என்று அச்சான பி.ஓ.டி., அலகு மாறிய நைட்ரேட். வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டி, பக்க எண், அச்சான எண், சரியான எண், முடிவு மாறுகிறதா என்ற நான்கு கட்டங்களோடு ஒரு பிழைதிருத்தத் தாள் தயாரிப்பது வழக்கத்தில் உள்ள வழி. அதை வைவாவின் தொடக்கத்திலேயே தேர்வாளரிடம் கொடுத்துவிடலாம். களக் குறிப்பேடு, ஆய்வகக் குறிப்பேடு, மூல எக்செல் கோப்பு மூன்றும் மேசைமேல் இருந்தால் பிறகு எழும் எந்தக் கேள்விக்கும் பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம்.

பெரும்பாலும் கடைசியாக வருவது, “திரும்பச் செய்யச் சொன்னா என்ன மாத்துவீங்க?” என்ற கேள்வி. “இன்னும் நிறைய சாம்பிள் எடுப்பேன் சார்” என்பது எல்லோரும் சொல்லும் பதில். இந்த ஏரியைப் பொறுத்தவரை அதைவிடச் செலவு குறைந்த பதில்கள் இருக்கின்றன. ஒரு மாதம் நடு ஏரியில் தொடங்கி வரத்துக்காலில் முடிப்பது. நடு ஏரியில் ஒரு நாள் விடியற்காலையும் பிற்பகலும் ஆக்சிஜன் அளப்பது. ஒவ்வொரு பி.ஓ.டி.க்கும் மூன்று நீர்ப்புகளில் பாட்டில் வைப்பது. மார்ச் மாதச் சுற்றை விட்டுவிட்டு நவம்பரில் ஏரி நிரம்பும்போது ஒரு சுற்று எடுப்பது. சாம்பிள் எண்ணிக்கை அதே 18-தான். ஆனால் இடம், நேரம், மழை என்ற மூன்றையும் பிரித்துப் பேச அப்போது தரவு கிடைக்கும்.